வ.உ.சி. பற்றி இரண்டு நிமிடம்: எதை வைப்பது, எதை விடுவது

கேள்வி: "மகள் ஏழாம் வகுப்பு. செப்டம்பர் 5 காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வ.உ.சி. பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிறப்பில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்ல வேண்டுமாம். நான் சேர்த்து வைத்த குறிப்புகளைப் படித்தால் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. எதை வைக்க, எதை விட?"

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மைக்கில் நிறுத்தி நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 75 முதல் 85 தமிழ்ச் சொற்கள் போகும். தமிழில் ஒரு சொல்லோடு இரண்டு மூன்று விகுதி ஒட்டிக்கொள்வதால் சொல் நீளம்; அதனால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். வணக்கம், நன்றி எல்லாம் சேர்த்து 150 சொல்தான் உங்கள் இடம். உங்களிடம் இருக்கும் குறிப்பு 400 சொல்லுக்குக் குறையாது. அதை அங்கங்கே நறுக்கிச் சரிசெய்ய முடியாது. புதிதாக எழுதத்தான் வேண்டும்.

காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. 1872 என்று எழுத நான்கு இலக்கம். வாயால் சொல்ல "ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு". அதற்கே இரண்டு விநாடி போய்விடும். பத்து வருடக் கணக்கு வைத்தால் இருபது விநாடி, அதாவது பேச்சில் ஆறில் ஒரு பங்கு, வெறும் எண்ணுக்கே போகும். கேட்கிற பிள்ளைகள் மூன்றாவது எண்ணிலேயே கவனத்தை விட்டுவிடுவார்கள். வ.உ.சி.க்கு ஐந்து ஆண்டுகள் போதும்: 1872 பிறப்பு, 1906 கம்பெனி, 1908 கைது, 1912 விடுதலை, 1936 மறைவு. இவற்றிலும் ஒன்றிரண்டு இடத்தில் வயதைச் சேர்த்துச் சொன்னால் நன்றாகப் பதியும். "முப்பத்து நான்கு வயதில் கப்பல் கம்பெனி தொடங்கினார்" என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் உடனே புரியும். 1872-ஐயும் 1906-ஐயும் கழித்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு நேரம் ஏது?

வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றதை எல்லா ஆண்டுக்கும் சம இடம் தர வேண்டும் என்று எடுத்துக்கொள்வதால்தான் பேச்சு நீள்கிறது. அவர் வாழ்ந்தது 64 ஆண்டுகள். ஆனால் மேடையில் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி 1906 முதல் 1912 வரையிலான ஆறு ஆண்டுகளில் இருக்கிறது. 150 சொல்லில் 100 சொல்லை இந்த ஆறு ஆண்டுக்குக் கொடுங்கள். முதல் 34 ஆண்டுக்கு வணக்கத்தோடு சேர்த்து 25 சொல், கடைசி 24 ஆண்டுக்கு மிச்சமுள்ள 25. வரிசை கெடாது, வேகம்தான் மாறும்.

பிறப்பைச் சொல்லும் வாக்கியத்தில் நாள், ஊர் இரண்டும் போதும். ஒட்டப்பிடாரம் அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி மாவட்டம். பழைய புத்தகத்தில் ஒன்றும் புதிய புத்தகத்தில் ஒன்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். "இன்றைய தூத்துக்குடி மாவட்டம்" என்றால் தகராறே இல்லை. தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி அம்மாள் என்பது உறுதியான தகவல்தான். ஆனாலும் பின்னால் கதையில் வராத பெயர் கேட்பவர் மனதில் நிற்காது. பெயருக்குப் பதிலாகத் தந்தை வழக்கறிஞர் என்பதைச் சொல்லலாம், மகனும் அதே தொழிலுக்கு வந்ததால் அது அடுத்த வாக்கியத்துக்கு வழி விடுகிறது. முன்னெழுத்து "வ"வை விரித்துச் சொல்லும் ஆசை வேண்டாம். புத்தகத்துக்குப் புத்தகம் அது வேறாக இருக்கிறது. வ.உ.சிதம்பரனார் என்பது எங்கும் செல்லும்.

இனி கம்பெனி. பேச்சுகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. "ஆங்கிலேயரை எதிர்த்துக் கப்பல் ஓட்டினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலேயரை எதிர்க்க எதற்குக் கப்பல் என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எழும், பதில் கிடைக்காது. காரணம் எளிமையானது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்தது. நம் வணிகர் சரக்கு அனுப்ப வேண்டுமானால் அவர்கள் கப்பலில்தான் அனுப்ப வேண்டும், அவர்கள் கேட்கும் கட்டணத்தைத்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துவிட்டால் மற்றது தானாக விளங்கும். ஆங்கிலேயக் கம்பெனியின் முழுப்பெயர் மேடைக்குத் தேவையில்லை. நாக்கு சிக்குவதுதான் மிச்சம்.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய் என்று திட்டமிட்டு, ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் பெருந்தொகை போட்டார். ஆகவே "சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கினார்", "தன்னந்தனியாகக் கம்பெனி நடத்தினார்" என்று இணையத்தில் உலவும் வரிகள் தவறு. அவர் பெருமையே பலரைப் பணம் போட வைத்ததில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கிலிருந்து "ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாய்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் என்றால் பிள்ளைகளுக்கு அது பெரிய எண், அவ்வளவுதான். இருபத்தைந்து ரூபாய் என்றால், ஊரே சேர்ந்து போட்டிருக்கிறது என்பது புரிந்துவிடும். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் 1907-இல் வந்தன. கப்பல் பெயர்களைக் கட்டாயம் வையுங்கள், கூட்டம் முடிந்த பிறகும் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது அவற்றைத்தான்.

"இந்தியாவின் முதல் கப்பல் கம்பெனி" என்ற வரி உங்கள் குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள். 1880-களில் வங்காளத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் நீராவிக் கப்பல் விட்டு நஷ்டப்பட்டிருக்கிறார்; 1890-களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா வாடகைக் கப்பல்களைக் கொண்டு கீழ்த்திசைக்கு ஒரு வழித்தடம் நடத்திப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார். "முதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு ஒரு குறையும் வராது. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்துப் போட்டியை நசுக்கப் பார்த்தது உறுதி. பயணிகளுக்கு இலவசமாகக் குடையும் கொடுத்தார்கள் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் செய்தி. சுவையானதுதான், ஆனால் இதை விளக்க இருபது சொல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் அதற்கு இடமில்லை.

1908-க்கு வருவோம். கப்பல் விட்டதற்காகச் சிறைக்குப் போனார் என்றே பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். கம்பெனி நடத்துவது சட்டப்படி குற்றமில்லை. தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. பிறகு வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டம் நடந்தது, மார்ச் 12-ஆம் தேதி கைது. வழக்கு அவருடைய பேச்சுகள் மீது தொடுக்கப்பட்ட அரசுத் துரோக வழக்கு. கப்பலால் அரசுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கைதுக்குச் சொல்லப்பட்ட காரணம் பேச்சு. மேடையில் இதை "அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டுகிறார் என்று கைது செய்தார்கள்" என்று சொன்னால் போதும். பால் பெயரையும் கூட்டத்தையும் விட்டுவிடலாம். வேலைநிறுத்தத்தை விடக் கூடாது. கம்பெனி முதலாளி என்ற பிம்பத்தை உடைத்து, தொழிலாளர் பக்கம் நின்றவர் என்று காட்டுவது அது ஒன்றுதான்.

தண்டனையைச் சொல்லும்போது ரொம்பக் கவனம் வேண்டும். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். இதைப் பேச்சாளர்கள் "நாற்பது ஆண்டு" என்று கூட்டிச் சொல்ல, பிள்ளைகள் வாயில் அது "நாற்பது ஆண்டுகள் சிறையில் வாடினார்" என்று ஆகிவிடுகிறது. அடுத்த வரியிலேயே 1912-இல் விடுதலை என்று வரும். கூர்ந்து கேட்கும் பிள்ளை விழிக்கும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்ற மூன்று சொல் வாக்கியத்தை விட்டால் கணக்கே இடிக்கும். கைது முதல் 1912 டிசம்பர் விடுதலை வரை எண்ணினால் நான்கு ஆண்டு ஒன்பது மாதம். "கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்" என்பது நேர்மையான சுருக்கம். அவர் பேச்சையும் பாரதியின் பாட்டையும் கேட்டால் செத்த பிணமும் எழுந்துவிடும் என்று நீதிபதி சொன்னதாக ஒரு வாசகம் மேடைதோறும் முழங்குகிறது. தீர்ப்பின் மூலத்தைப் பார்க்காமல் ஒரு நீதிபதியின் வாயில் சொல் வைக்க வேண்டாம். பள்ளிப் பேச்சுக்கு அது தேவையுமில்லை. கோவை, கண்ணனூர் என்று சிறைப் பெயர்களை அடுக்கவும் வேண்டாம். செக்கு ஒன்று போதும். ஆனால் "செக்கிழுத்தார்" என்று மட்டும் சொன்னால் இன்றைய பிள்ளைகளில் பலருக்குச் செக்கு என்னவென்றே தெரியாது. "மாடு இழுக்கும் எண்ணெய்ச் செக்கு" என்று ஒரு அடைமொழி சேர்த்தால் காட்சி வந்துவிடும்.

விடுதலைக்குப் பிறகான பகுதியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். சிறை, உடனே மறைவு, உடனே சிலை. நடுவில் 24 ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன. அவர் வெளியே வரும்போது கம்பெனி கலைக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் போயிருந்தது. வறுமையில்தான் எழுத்துப் பணி பெருகியது: தன் வரலாற்றைச் செய்யுளாக எழுதினார், திருக்குறளுக்கு உரை கண்டார், தொல்காப்பியம் பதிப்பித்தார், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். நான்கையும் சொன்னால் பட்டியலாகிவிடும், இரண்டைச் சொல்லுங்கள். உரிமத்தைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலேஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தது அழகான செய்தி. ஐந்து நிமிடம் கிடைக்கும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.

கடைசியில் அவர் விட்டுச் சென்றது. இங்கே அஞ்சல்தலை, சிலை, பூங்கா, கல்லூரி என்று பெயர்களைக் கொட்டுவது வழக்கம். கதையோடு ஒட்டுவது ஒன்றுதான்: தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பலில் தொடங்கிய கதை அங்கே போய்ச் சேருவது இயல்பு. ஒரு நுணுக்கம் மட்டும் கவனியுங்கள். இன்றைய பெரிய துறைமுகம் 1970-களில் புதிதாகத் திறக்கப்பட்டது, காலியா வந்து நின்ற பழைய துறைமுகம் வேறு இடம். அதனால் "அவர் கப்பல் விட்ட துறைமுகம்" என்று சொல்லாமல் "அவர் கப்பல் விட்ட ஊரின் துறைமுகம்" என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடினாலும் தவறு நீங்கிவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பேச்சு இப்படி வரும்:

"அனைவருக்கும் காலை வணக்கம். இன்று வ.உ.சிதம்பரனார் பிறந்தநாள். 1872-ஆம் ஆண்டு, இதே செப்டம்பர் ஐந்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞர் ஆனார். பிறகு தூத்துக்குடியில் குடியேறினார்.

அங்கிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல்கள் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தன. நம் வணிகர்களின் சரக்கும் அவர்கள் கப்பலில்தான் போக வேண்டும். கட்டணத்தையும் அவர்களே வைப்பார்கள். இதை மாற்ற நினைத்தார் வ.உ.சி. 1906-இல், முப்பத்து நான்கு வயதில், சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாய். வணிகர்களும் பொதுமக்களும் பணம் போட்டார்கள். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

1908-இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் பெருகியது. அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டுகிறார் என்று கைது செய்தார்கள். நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. சிறையில், மாடு இழுக்கும் எண்ணெய்ச் செக்கை அவரை இழுக்க வைத்தார்கள்.

கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் கழித்து, 1912-இல் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி மூடப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. வறுமையிலும் எழுதினார். தன் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936-இல், அறுபத்து நான்கு வயதில், தூத்துக்குடியில் காலமானார்.

அவர் கப்பல் விட்ட ஊரின் துறைமுகத்துக்கு இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். நன்றி."

இது ஏறக்குறைய 145 சொல். "மாமனிதர்", "வீரத் திருமகன்", "தியாகச் செம்மல்" என்ற அடைமொழி எதுவும் இதில் இல்லை, வேண்டுமென்றே விட்டது. அடைமொழி ஒன்றுக்கு ஒரு விநாடி என்றாலும் பத்து வைத்தால் காலியாவும் லாவோவும் போய்விடும். பாடப்புத்தகத்தில் இருக்கும் "இன்னார் மகனாகப் பிறந்து, இன்ன ஊரில் பயின்று, இன்ன தேர்வில் தேறி" என்ற எச்ச வாக்கியங்களையும் உடைத்திருக்கிறேன். நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும் பிள்ளை வினைமுற்றை விழுங்கிவிடும், கேட்பவருக்கு வாக்கியம் முடிந்ததே தெரியாது. ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் முடிய வேண்டும்.

மனப்பாடம் செய்யும்போது வாக்கிய வரிசையாகச் செய்யாமல் பத்திக்கு ஒரு தலைச்சொல் வையுங்கள்: ஊர், கப்பல், கைது, விடுதலை, துறைமுகம். நடுவில் ஒரு வரி மறந்தாலும் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம். ஆண்டுகளைக் கையில் வைத்திருக்கும் தாளில் எழுத்தாலேயே எழுதிக் கொடுங்கள். இலக்கத்தைப் பார்த்ததும் பல பிள்ளைகள் ஆங்கிலத்தில் "எய்ட்டீன் செவன்ட்டி டூ" என்று வாசித்துவிடுகிறார்கள். நேரம் பார்ப்பதானால் உட்கார்ந்து வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டாம்; நின்று, அறையின் மறுமூலைக்குக் கேட்கும் குரலில் பேசச் சொல்லி அளவெடுங்கள். உட்கார்ந்து ஒன்றரை நிமிடத்தில் முடிவது நின்று பேசினால் இரண்டைத் தொட்டுவிடும். மைதானத்து ஒலிபெருக்கியில் எதிரொலி இருந்தால் பத்திகளுக்கு நடுவே இன்னும் ஒரு விநாடி விட வேண்டியிருக்கும்.

அன்றைக்கு ஆசிரியர் தினமும் கூட. ராதாகிருஷ்ணன் பிறந்ததும் செப்டம்பர் 5 என்பதால் இன்னொரு பிள்ளை அவரைப் பற்றிப் பேச, நிகழ்ச்சி நீண்டு, "ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடு" என்று கடைசி நேரத்தில் சொல்ல வாய்ப்பு அதிகம். எந்த வரிகள் போகலாம் என்று முன்னாலேயே பென்சிலில் அடைப்புக்குறி போட்டுக் கொடுங்கள். "பிறகு தூத்துக்குடியில் குடியேறினார்" போகலாம், ஆனால் அப்போது அடுத்த வரியில் "அங்கிருந்து" என்பதைத் "தூத்துக்குடியிலிருந்து" என்று மாற்ற வேண்டும். "கட்டணத்தையும் அவர்களே வைப்பார்கள்", "அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் பெருகியது", செய்யுளும் உரையும் வரும் இரண்டு வாக்கியங்கள் ஆகியவையும் போகலாம். இதில் பதினைந்து விநாடி மிச்சம். இன்னும் வேண்டுமானால் பங்கு விலையும் அதற்கடுத்த வாக்கியமும் போகட்டும். மேல்முறையீடு வரும் வாக்கியத்தை மட்டும் எந்த நிலையிலும் எடுக்க வேண்டாம்.